வெள்ளிக்கிழமை கதவு மூடியிருந்தது: ஒரு பேலட் ஒப்பந்தத்தின் வரையறைப் பகுதி

பிறையில், சரக்கு அடுக்கி ஏற்றும் மர பேலட் செய்து விற்கும் ஒருவர் 24,000 மலேசிய வெள்ளிக்கு பில் அனுப்பினார். கூலிமில் இருக்கும் தொழிற்சாலை அதில் 14,400 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 9,600 மட்டும் வங்கியில் போட்டது. சரக்கு தாமதமாக வந்ததாம். எத்தனை நாள் தாமதம் என்று பார்த்தால், அவர்கள் கணக்கில் ஐந்து நாள், இவர் கணக்கில் ஒரு நாளும் இல்லை. இரண்டு தரப்பும் ஒரே ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இப்படி எண்ணியிருந்தார்கள்.

அவர் மகளோடு ஜார்ஜ்டவுனில் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். கணக்கு வழக்கெல்லாம் மகள்தான். கோப்பில் ஒப்பந்தம், ஆர்டர், சரக்கோடு போகும் டி.ஓ. சீட்டு, வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி எடுத்து வந்திருந்தாள். அப்பா உட்கார்ந்ததுமே, “தம்பி, நான் விலையைப் பார்த்தேன், பணம் எத்தனை நாளில் வரும்னு பார்த்தேன், கையெழுத்து போட்டேன். முன்னாடி இருக்கிற ரெண்டு பக்கம் வெறும் அகராதி மாதிரி இருந்துச்சு” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானே வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளியவன்தான்.

பிரச்சினை முழுக்க அந்த இரண்டு பக்கத்தில் இருந்தது. யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, அதை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 22 பக்கம். கோலாலம்பூரில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் மாதிரிப் படிவத்தில் பெயர்களையும் விலையையும் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆங்கில ஒப்பந்தங்களில் வரையறுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். அதே சொல் சிறிய எழுத்தில் வந்தால் சாதாரணப் பொருளில் படிக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் வரையறுத்த சொற்களுக்கு மேற்கோள் குறி போடுகிறேன். குறி இல்லாவிட்டால் அது வெறும் சொல். இந்தக் கதையில் குறிக்கும் குறியின்மைக்கும் நடுவில்தான் 14,400 வெள்ளி போனது.

நமக்கு வேண்டிய வரிகள் சில மட்டுமே. “பிசினஸ் டே” என்றால் மலேசியாவில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை தவிர்ந்த நாள். “டெலிவரி” என்றால் வாங்குபவரின் இடத்தில் சரக்கை ஒப்படைத்து, அவர் அதைச் சோதித்து ஏற்றுக்கொள்வது. ஏற்காத சரக்கைத் திருப்பி எடுத்துப் போகும் செலவு விற்பவருடையது. “விலை” என்றால் அட்டவணை 1-ல் ஒரு பேலட்டுக்குப் போட்டிருக்கும் தொகை, அதாவது 48 வெள்ளி. 6-ஆம் பிரிவின்படி, ஆர்டர் வந்து 3 “பிசினஸ் டே”க்குள் விற்பவர் “டெலிவரி” செய்ய வேண்டும். 9-ஆம் பிரிவின்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் “கான்ட்ராக்ட் வேல்யூ”வில் 1 சதவீதம் பிடித்துக்கொள்ளலாம், 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

இதை ஒரு தடவை படித்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நடந்ததை மேலே வைத்துப் பார்த்தால்தான் கிழியும்.

செவ்வாய்க்கிழமை மாலை 4.40-க்கு 500 பேலட்டுக்கு மின்னஞ்சலில் ஆர்டர் வந்தது. வியாழன் இரவு வரை வேலை நடந்து சரக்கு தயாரானது. வெள்ளி காலை லோரியில் ஏற்றுவதற்கு முன்னால் அப்பா தொழிற்சாலையின் ஸ்டோருக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். “ஃபிரைடே ஆஃப், பாஸ்” என்று ஒற்றை வரியில் பதில். கூலிம் கெடா மாநிலத்தில் இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பிறை பினாங்கில் இருக்கிறது. இங்கே சனியும் ஞாயிறும். நடுவில் முக்கால் மணி நேர ஓட்டம்தான், ஆனால் வாரம் வேறு வாரம். வெள்ளி, சனி அவர்கள் கதவு மூடியிருந்தது. ஞாயிறு இவர் பட்டறை மூடியிருந்தது. திங்கள் காலை 9.30-க்கு லோரி போய்ச் சேர்ந்தது, காவலர் டி.ஓ.வில் முத்திரை குத்தினார். ஸ்டோரில் ஈரப்பதம் பார்த்து, வெப்பப் பதன முத்திரை பார்த்து, ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து போட்டது புதன்கிழமை.

தொழிற்சாலை எண்ணியது இப்படி: புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று. வெள்ளிக்கிழமைதான் கெடு. வரையறையில் சனி, ஞாயிறு மட்டும்தான் கழிந்திருக்கிறது, வெள்ளி கழியவில்லை என்பதால் எழுத்துப்படி அவர்கள் சொல்வது சரி. தங்கள் கதவே மூடியிருந்த நாளைக் கெடுவாக வைத்து அபராதம் போடுகிறோம் என்பது கோலாலம்பூரில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இவர் எண்ணியது: புதன், வியாழன், அப்புறம் இரண்டு பேருக்கும் வேலை இருக்கும் திங்கள். ஆக மூன்றாம் நாளே சரக்கு போய்விட்டது. நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

மகள் கேட்டாள்: “அங்கிள், நாள் எப்படி எண்ணணும்னு சட்டத்திலேயே இருக்காதா?” இருக்கிறது. 1948, 1967-ஆம் ஆண்டுகளின் பொருள்விளக்கச் சட்டங்கள், சட்டம் 388, பிரிவு 54: ஒரு சம்பவத்திலிருந்து நாளை எண்ணும்போது சம்பவ நாளைச் சேர்ப்பதில்லை, கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். ஆனால் அது சட்டங்களைப் படிப்பதற்கான விதி. இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்துக்குள் அது தானாக வந்து உட்காராது. வேண்டுமென்றால் நாம்தான் எழுதி உள்ளே கூப்பிட வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் யாரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமையை முதல் நாளாக எண்ணி வியாழனே கெடு என்று அவர்கள் சொல்லியிருந்தால் அதையும் வாதாடித்தான் தள்ள வேண்டியிருந்திருக்கும். நல்ல வேளை, சொல்லவில்லை.

“மலேசியாவில் பொது விடுமுறை” என்பதும் இதே மாதிரிதான். கூட்டரசு விடுமுறைகள் தவிர, மாநிலங்கள் தங்களுக்கென்று நாள் அறிவிக்கின்றன. ஜூலை 7, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகர தினம், பினாங்கில் மட்டும் விடுமுறை. கெடா சுல்தானின் பிறந்தநாள் ஜூனில் கெடாவுக்கு மட்டும். ஜூலை 7-ல் பிறையில் பட்டறை மூடியிருக்கும், கூலிமில் ஸ்டோர் திறந்திருக்கும். பினாங்கும் மலேசியாதானே, ஆகவே அது “மலேசியாவில்” ஒரு பொது விடுமுறை என்று ஒருவர் சொல்லலாம். மலேசியா முழுக்க இருந்தால்தான் கணக்கு என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டும் அதே சொற்களிலிருந்து வருகிறது.

கிழமையின் பெயரை வரையறையில் எழுதி வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜொகூர் 2014-ல் வெள்ளி, சனி விடுமுறைக்கு மாறியது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆக்கியது. 2023-ல் ஜொகூரில் “வெள்ளி, சனி தவிர்ந்த நாள்” என்று எழுதி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டவர்களுக்கு நடுவழியில் வாரமே மாறிவிட்டது, ஒப்பந்தம் மாறவில்லை.

சரி, வெள்ளிதான் கெடு என்றே வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு, திங்கள்: மூன்று நாள்தானே வருகிறது? ஐந்து எங்கிருந்து வந்தது?

“டெலிவரி” வரையறையிலிருந்து வந்தது. சரக்கு வாசலில் இறங்கியது திங்கள். ஆனால் வரையறைப்படி சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் “டெலிவரி”. அது புதன். அவர்கள் சோதிக்க எடுத்துக்கொண்ட இரண்டு நாளும் இவருடைய தாமதமாகிவிட்டது. அவர்கள் ஒரு வாரம் சோதிக்காமல் வைத்திருந்தால் ஒரு வாரம் தாமதம். ஒருவரின் கடமை எப்போது முடிகிறது என்பதை எதிர்த்தரப்பின் வேகம் தீர்மானிக்கிற மாதிரி ஒரு சொல்லை வரையறுத்தால் இப்படித்தான் ஆகும்.

இதே ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவில் “டெலிவர் செய்த தேதியிலிருந்து 45 நாளில் பணம்” என்று சிறிய எழுத்தில் இருந்தது. அது வாசலில் இறக்கிய திங்களா, ஏற்றுக்கொண்ட புதனா? 8-ஆம் பிரிவில் “ரிசீட்” ஆனதும் சரக்குக்கான பொறுப்பு வாங்குபவருக்கு மாறும் என்று இருந்தது. “ரிசீட்” எங்கேயும் வரையறுக்கப்படவில்லை. வாசலில் லோரி நிற்பது என்ற ஒரே சம்பவத்துக்கு மூன்று பெயர். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். ஒப்பந்தத்தில் அது விஷம். சொல் மாறினால் பொருளும் மாற வேண்டும் என்று நினைத்துத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நாள்களும் கவனிக்க வேண்டியவை. 6-ஆம் பிரிவில் “பிசினஸ் டே”. 9-ஆம் பிரிவில் வெறும் நாள். ஆகவே கெடுவை எண்ணும்போது சனி, ஞாயிறு கழியும், அபராதத்தை எண்ணும்போது கழியாது. வேண்டுமென்றே இப்படி எழுதுவதும் உண்டு, அதில் தவறில்லை. இங்கே அது வேண்டுமென்று எழுதியதா, கை தவறியதா என்று யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் சேர்ந்தாலும் பணம் பெரிதாகியிருக்காது. 24,000-க்கு 1 சதவீதம் 240 வெள்ளி; ஐந்து நாளுக்கு 1,200. அதை 14,400 ஆக்கியது “கான்ட்ராக்ட் வேல்யூ”. பெரிய எழுத்தில் கம்பீரமாக நிற்கிறது. வரையறைப் பட்டியலில் தேடினால் இல்லை. “விலை” இருக்கிறது, அது ஒரு பேலட்டுக்கு. தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு, ஒப்பந்தத்தின் மதிப்பு என்றால் வருடம் முழுவதற்கும் என்று எடுத்துக்கொண்டது. மாதம் ஒரு ஆர்டர், வருடத்துக்கு 2,88,000 வெள்ளி. அதில் 1 சதவீதம் 2,880. ஐந்து நாளுக்கு 14,400.

இந்தச் சொல் எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிந்தது. 9-ஆம் பிரிவின் நடை மற்றப் பிரிவுகளின் நடை இல்லை. “வேலை முடியும் தேதி” என்று ஓரிடத்தில் எட்டிப் பார்த்தது. ஏதோ கட்டுமான ஒப்பந்தத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரே வேலை, ஒரே மொத்தத் தொகை. “கான்ட்ராக்ட் வேல்யூ” என்றால் குழப்பமே இல்லை. மாதாமாதம் ஆர்டர் வரும் சப்ளை ஒப்பந்தத்தில் அதை நட்டபோது வேர் பிடிக்கவில்லை. பெரிய எழுத்தில் நிற்கும் சொல்லுக்கு வரையறை இல்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பிரிவு வேறு வீட்டிலிருந்து வந்தது என்று அர்த்தம். அந்தப் பிரிவு முழுவதையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

வழக்குக்குப் போனால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கொள்முதல் அதிகாரி, “ஃபிரைடே கணக்கில்லை பாஸ்” என்று வாயால் சொன்னாராம். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அங்கே குறுக்கே நிற்கும். எழுதி முடித்த ஒப்பந்தத்துக்கு முரணாக வாய்ப்பேச்சைக் கொண்டுவர பொதுவாக விடாது. எழுத்து மௌனமாக இருக்கும் விஷயம் என்றால் கொஞ்சம் வழி உண்டு. இங்கே எழுத்து மௌனமாக இல்லை, சனி, ஞாயிறு என்று தெளிவாகப் பேசிவிட்டது. “கான்ட்ராக்ட் வேல்யூ” விஷயத்தில் நம் பக்கம் வலு அதிகம். இரண்டு பொருள் தரும் சொல்லை, அதை எழுதியவருக்கு எதிராகப் படிக்கலாம் என்ற பழைய விதி ஒன்று. இன்னொன்று, ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. முன்கூட்டியே பேசிய அபராதத் தொகை நியாயமான அளவுக்குள் இருந்தால்தான் கிடைக்கும். கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில், உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபித்தே ஆக வேண்டும் என்பதில்லை, தொகை நியாயமற்றது என்றால் அதை ஒப்பந்தத்தை மீறியவர்தான் காட்ட வேண்டும் என்று தீர்த்தது. எங்கள் கேஸில் காட்டுவது கஷ்டமில்லை. அவர்கள் படிக்கிற மாதிரி படித்தால் 10 சதவீத உச்சவரம்பு 28,800 வெள்ளி. 24,000 வெள்ளிச் சரக்குக்கு அதைவிடப் பெரிய அபராதம்!

கடிதம் ஒன்று, நேரில் ஒரு சந்திப்பு. வாட்ஸ்அப்பின் அந்த ஒற்றை வரியை மேசையில் வைத்ததும் அவர்கள் பக்கத்து வழக்கறிஞர் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டார். கெடாவின் வாரப்படி ஞாயிறு கெடு, திங்கள் வந்தது, ஒரு நாள் தாமதம், அந்த ஆர்டரின் தொகையில் 1 சதவீதம். 240 வெள்ளியை வைத்துக்கொண்டு 14,160-ஐத் திருப்பித் தந்தார்கள். கூடவே, ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும் வேலையை எங்களிடமே விட்டார்கள்.

திருத்தும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. வரையறைகளை முதலில் எழுதினால் தேவையில்லாதவை சேரும். ஒப்பந்தத்தின் உடல் என்ன செய்யச் சொல்கிறது என்பதை முடித்துவிட்டு, அதில் எந்தச் சொல் சாதாரணப் பொருளில் போதவில்லையோ அதற்கு மட்டும் வரையறை. ஒரே பிரிவில் மட்டும் வரும் சொல்லை அந்தப் பிரிவிலேயே விளக்கிவிடலாம், முன்பக்கத்துக்கு இழுத்துப் போக வேண்டாம்.

மகள் உதவிக்கு உட்கார்ந்தாள். அச்செடுத்த 22 பக்கத்தில், பெரிய எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் மஞ்சள் பூசினாள். வரையறுத்த சொல் சிறிய எழுத்தில் வரும் இடமெல்லாம் பச்சை. அப்புறம் கணினியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, எத்தனை இடத்தில் வருகிறது என்று ஓரத்தில் எழுதினாள். ஒரு மணி நேர வேலை. பட்டியலில் 31 வரையறை இருந்தது. ஏழு சொற்கள் ஒப்பந்தத்தில் எங்குமே வரவில்லை, மாதிரிப் படிவத்தின் மிச்சம். நான்கு சொற்கள் பெரிய எழுத்தில் வந்தும் வரையறை இல்லாமல் நின்றன. சரக்குக்கு “கூட்ஸ்”, “ப்ராடக்ட்ஸ்”, “பேலட்ஸ்” என்று மூன்று பெயர். பச்சை அதிகமாக இருந்த பக்கம் எது என்று சொல்லத் தேவையில்லை, 9-ஆம் பிரிவு இருந்த பக்கம்தான்.

சரக்குக்கு “பேலட்” என்ற ஒரே பெயரை வைத்தோம். பழைய வரையறையில், பேலட் என்பது வெப்பப் பதனம் செய்து முத்திரையிட்ட மர பேலட்டை “உள்ளடக்கும்” என்று இருந்தது. உள்ளடக்கும் என்றால் வேறும் இருக்கலாம், பதனம் செய்யாததும் அதில் சேரலாம். ஏற்றுமதிக்கு மரத்தின் உட்புறம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும். அது இல்லாத பேலட்டில் சரக்கை ஏற்றி அனுப்பினால் போய் இறங்கும் துறைமுகத்தில் தடுத்துவிடுவார்கள். அதனால் “என்றால்” என்று மூடி எழுதினோம்: “பேலட்” என்றால் அட்டவணை 1-ன் அளவில், வெப்பப் பதனம் செய்து முத்திரையிட்ட மர பேலட். உதாரணம் காட்ட மட்டும் “உள்ளடக்கும்”; எல்லை போட “என்றால்”. இரண்டையும் ஒரே வரையறையில் கலந்து எழுதினால் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

நாள் விஷயத்தில் நான் முதலில் யோசித்தது, பிறையிலும் கூலிமிலும் வங்கிகள் திறந்திருக்கும் நாள் என்று போடலாமா என்று. பல ஒப்பந்தங்களில் அப்படித்தான் எழுதுவார்கள், மாநிலம் வாரத்தை மாற்றினாலும் வரையறை கூடவே மாறிக்கொள்ளும். ஆனால் “இரண்டு இடத்திலும்” என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் போய் வாரத்துக்கு நான்கு நாள்தான் மிஞ்சும். புதன்கிழமை வந்த ஆர்டருக்கு மூன்றாம் நாள் அடுத்த செவ்வாய். தொழிற்சாலை ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் இல்லை. பணம் கட்டுவதற்கும் நோட்டீஸுக்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டோம்.

சரக்குக்கு வேறு சொல் எழுதினோம். “ரிசீவிங் டே” என்றால் அட்டவணை 3-ன்படி ஸ்டோர் சரக்கு வாங்கத் திறந்திருக்கும் நாள். அட்டவணை 3-ல் ஞாயிறு முதல் வியாழன் வரை, காலை 8.30 முதல் மாலை 5 வரை, கெடாவில் பொது விடுமுறையாக அறிவித்த நாள் நீங்கலாக. என் முதல் வரைவில், 14 நாள் முன்னால் எழுதித் தெரிவித்து வாங்குபவர் அட்டவணையை மாற்றலாம் என்பதையும் இதே வரையறையில் சேர்த்துவிட்டேன். இரவு மறுபடி படித்தபோதுதான் உறைத்தது: பழைய “டெலிவரி” வரையறையில் திருப்பி எடுக்கும் செலவை ஒளித்து வைத்தவர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். உரிமையும் கடமையும் வரையறைக்குள் இருந்தால் யாரும் அங்கே தேட மாட்டார்கள். வரையறை ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று சொன்னால் போதும். அந்த வரியை 6-ஆம் பிரிவுக்கு மாற்றினேன்.

“டெலிவரி” என்றால் ஸ்டோர் வாசலில் “பேலட்”டை இறக்கி, ஸ்டோர் ஊழியர் டி.ஓ.வில் கையொப்பமும் தேதியும் நேரமும் போடுவது. சோதித்து ஏற்பது தனிச் சொல், “அக்செப்டன்ஸ்”. அதற்கு எவ்வளவு அவகாசம், சோதிக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் உடலில்: “டெலிவரி” ஆகி 2 “ரிசீவிங் டே”க்குள் நிராகரிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். “ரிசீட்” போய்விட்டது.

“கான்ட்ராக்ட் வேல்யூ”வுக்குப் பதில் முதலில் “ஆர்டர் வேல்யூ” என்று எழுதி, எழுதிய சொல்லை எடுத்துவிட்டு அதன் வரையறையையே 9-ஆம் பிரிவில் வைத்துப் படித்தோம். ஒவ்வொரு வரையறைக்கும் இப்படிச் செய்வது என் வழக்கம், ஓட்டை உடனே தெரிந்துவிடும். “தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும், அந்த ஆர்டரில் உள்ள எல்லா பேலட்டின் விலையில் 1 சதவீதம்” என்று வந்தது. மகள் நிறுத்தினாள். “அங்கிள், 400 நேரத்துக்குப் போய் 100 மட்டும் லேட்டானா, 500-க்குமா பிடிப்பாங்க?” ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தோம். “லேட் வேல்யூ” என்று மாற்றினோம்: கெடுவுக்குள் “டெலிவரி” ஆகாத “பேலட்”களின் எண்ணிக்கையை “விலை”யால் பெருக்கிய தொகை, வரி நீங்கலாக. தாமதம் எண்ணுவதும் இனி “ரிசீவிங் டே”யில். மூடிய கதவுக்கு அபராதம் இல்லை.

பொருள்விளக்கப் பகுதியில் மாதிரிப் படிவம் 17 வரி வைத்திருந்தது, ஒருமை பன்மையைக் குறிக்கும், தலைப்புகள் பொருளைப் பாதிக்காது என்று போகும் வழக்கமான வரிகள். அவற்றை விட்டுவிட்டோம், தொந்தரவு இல்லை. கை வைத்தது இரண்டில்தான். நாள் எண்ணும்போது சம்பவம் நடந்த நாளைச் சேர்ப்பதில்லை, மாலை 5 மணிக்குப் பின் வரும் ஆர்டர் மறுநாள் வந்ததாகக் கொள்ளப்படும். மற்றது முன்னுரிமை. தொழிற்சாலையின் ஆர்டர் படிவத்துக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் அவர்களுடைய பொது நிபந்தனைகள் அச்சாகியிருக்கின்றன. அதில் “வொர்க்கிங் டே” என்று வேறொரு நாள் வரையறை! யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. முரண் வந்தால் முதலில் ஒப்பந்தத்தின் பிரிவுகள், அடுத்து அட்டவணைகள், கடைசியில் ஆர்டர் படிவம். ஆர்டரின் பின்பக்க நிபந்தனைகள் பொருந்தா என்று எழுதினோம். இது இல்லாவிட்டால் மாதம் ஒரு ஆர்டர் வரும்போது மாதம் ஒரு புது வரையறையும் சேர்ந்து வரும்.

முடித்ததும் பழைய சம்பவத்தைப் புது ஒப்பந்தத்தில் ஓட்டிப் பார்த்தோம். செவ்வாய் மாலை 4.40, ஐந்துக்கு முன். புதன் ஒன்று, வியாழன் இரண்டு, ஞாயிறு மூன்று. திங்கள் காலை வாசலில் கையொப்பம். ஒரு “ரிசீவிங் டே” தாமதம், 500 பேலட், 240 வெள்ளி.

“அப்ப நான் லேட்தானா?” என்றார் அப்பா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“லேட்தான் அண்ணே. வியாழன் அஞ்சு மணிக்குள்ள முடிச்சு அனுப்பியிருக்கணும், இல்லேன்னா ஞாயிறு ஒரு லோரி போயிருக்கணும்.”

அவர் மகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநருக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் ஏற்கெனவே ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து வரைவு தொழிற்சாலையிலிருந்து திரும்பி வந்தது. மாற்றம் எதுவும் இல்லை, கையெழுத்துக்குத் தயார் என்று மின்னஞ்சலில் குறிப்பு. மகள் நம்பவில்லை. அச்செடுத்து மஞ்சளும் பச்சையும் எடுத்து உட்கார்ந்தாள். மாலை நாலு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. 7-ஆம் பிரிவில், அவசர ஆர்டருக்கான வரியில், “ரிசீவிங் டே” இருந்த இடத்தில் யாரோ சிறிய எழுத்தில் “வொர்க்கிங் டே” என்று தட்டியிருந்தார்கள்.

“பச்சை பூசவா மஞ்சள் பூசவான்னே தெரியலை, அங்கிள். இது பட்டியல்லேயே இல்லையே.”

சிவப்பு பூசச் சொன்னேன்.